பம்பர் வேலைக்குப் பிறகு பார்க்கிங் சென்சார், 360 கேமரா, ஆட்டோ பார்க்கிங் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடுவது எப்படி

பம்பர் அடிபட்டு, கழற்றி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டிய வண்டிகள்தான் பார்க்கிங் சென்சார் குறையோடு என்னிடம் அதிகம் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பம்பர் புதிது மாதிரி இருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டால்தான் வம்பு தொடங்கும். சும்மா கத்தும், இல்லையென்றால் கத்த வேண்டிய இடத்தில் வாயே திறக்காது. வண்டிக்காரர் வரும்போதே "கேலிபரேஷன் பண்ணணுமாம்" என்று சொல்லிக்கொண்டு வருவார். யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அந்த இடத்திலேயே ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். பம்பரில் வட்டமாகத் தெரியும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு, கேமராவுக்குச் செய்வது மாதிரியான கேலிபரேஷன், அதாவது எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று வண்டிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை, பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. அது எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில், எந்தப் பக்கம் மேலாக உட்கார வேண்டும் என்பதை பம்பரின் உட்புறத்தில் இருக்கும் பிராக்கெட்தான் தீர்மானிக்கிறது. பிராக்கெட் சரியாக இருந்தால் சென்சார் சரியாக இருக்கும். பிராக்கெட் தவறாக இருந்தால், வண்டியின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேன் டூலில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சரியாகாது. கேலிபரேஷன் உண்மையாகவே தேவைப்படுவது கேமராவுக்கும், பம்பர் மூலையில் மறைந்திருக்கும் ரேடாருக்கும்தான். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

## கை வைக்கும் முன் செய்ய வேண்டியது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முடிந்தால் இன்ஜினை நிறுத்தி இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் குனிந்து நிற்பது நீங்கள், அதனால் இதில் சமரசம் வேண்டாம்.

இனி ஒவ்வொரு சென்சாரின் முகத்திலும் விரல் நுனியை மெதுவாக வையுங்கள். வேலை செய்யும் சென்சாரில் மெல்லிய 'டிக் டிக்' அதிர்வு தெரியும். அமைதியான இடமாக இருந்தால் காதைக் கிட்டே கொண்டுபோனாலும் கேட்கும். சென்சார் அனுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாத அதிர்வெண் கொண்டது. ஆனால் அதை விட்டு விட்டு அனுப்பும்போது எழும் அந்த 'டிக்' நமக்குக் கேட்கிறது. பம்பரின் நான்கு சென்சாரில் எது துடிக்கிறது, எது துடிக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கருவியும் வேண்டும். 7.5 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். பார்க்கிங் உதவி அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17386 தரத்திலும் சோதனைப் பொருள் இதே அளவுக் குழாய்தான். சுவருக்கு எதிரே நிறுத்திச் சோதித்தால் எல்லாச் சென்சாரும் ஒன்றாகக் கத்தும், எது கெட்டது என்று தெரியாது. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, பம்பருக்கு இணையாக நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு சென்சாரும் தனித்தனியாகப் பிடிபடும்.

## அறிகுறி 1: ரிவர்ஸ் போட்டதும் ஒரே நீண்ட சத்தம் அல்லது திரையில் பிழைச் செய்தி, அப்புறம் அமைதி

ரிவர்ஸ் போட்டவுடன் கன்ட்ரோல் யூனிட் எல்லாச் சென்சாரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கும். ஒன்று பதில் சொல்லவில்லை என்றாலும் பல வண்டிகளில் அந்தப் பக்கம் முழுவதையும் அணைத்துவிடும். அதனால் நான்கும் செத்துவிட்டதாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றில்தான் குறை இருக்கலாம்.

நான்கிலும் அதிர்வு இல்லையென்றால்: முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்தது பம்பர் வயரிங் வண்டியின் வயரிங்கோடு சேரும் பெரிய கனெக்டர். பெரும்பாலும் பின்சக்கரத்துக்குப் பின்னால், பம்பரின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். பம்பரை மாட்டும் அவசரத்தில் இது பாதி வரை மட்டும் நுழைந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். கழற்றிப் பார்க்கும்போது உள்ளே பச்சை படிந்த பின் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்து போட்டால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் சீல் போயிருந்தால் திரும்பி வரும்.

ஒன்றில் மட்டும் அதிர்வு இல்லையென்றால்: அந்தச் சென்சாரின் சிறிய கனெக்டரைப் பாருங்கள். பின் வளைந்திருக்கலாம், வயர் பம்பர் பீமுக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருக்கலாம். இரண்டும் சரியென்றால் இடம் மாற்றிப் பாருங்கள். உள்பக்க இரண்டு சென்சார்களின் பாக எண்ணும் ஒன்றாக இருந்தால் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடியும் ரிவர்ஸ் போடுங்கள். குறை சென்சாரோடு நகர்ந்துபோனால் சென்சார் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் வயரிங்கில் குறை.

புதுச் சென்சார் போட்ட பிறகு பிழை வந்தால் பாக எண்ணைச் சரிபாருங்கள். வெளியில் ஒரே மாதிரி தெரியும் சென்சார்கள் தலைமுறை மாறியிருந்தால் ஒன்றோடொன்று பேசாது.

வயரிங்கும் சென்சாரும் சரி, ஃப்யூஸும் சரி, ஆனாலும் எதுவும் துடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது கன்ட்ரோல் யூனிட் அல்லது அதன் கோடிங். அதற்கு அந்த வண்டிக்குரிய ஸ்கேன் டூல் வைத்திருப்பவர் வேண்டும்.

## அறிகுறி 2: பின்னால் ஒன்றுமே இல்லை, ஆனாலும் கத்துகிறது

பம்பர் வேலைக்குப் பிறகு மிக அதிகமாக வரும் குறை இது. எப்போது கத்துகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

### எங்கே நிறுத்தினாலும், எப்போதும் கத்தினால்

முதலில் பம்பரில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். நம்பர் பிளேட்டின் ஓரம் வெளியே வளைந்திருக்கலாம், கூடுதல் கார்டு பொருத்தியிருக்கலாம், பாதுகாப்பு டேப்பின் ஒரு துண்டு சென்சார் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

அப்புறம் சென்சார் முகத்தைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சென்சாரின் நடுவில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்துதான் ஒலியை அனுப்புகிறது, திரும்பி வருவதைக் கேட்பதும் அதே தகடுதான். அதைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம் இருக்கும். தகட்டின் அதிர்வு பம்பருக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வளையம். சென்சாரைக் கழற்றாமல் பம்பரோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால், முகத்துக்கும் பம்பருக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியைப் பெயிண்ட் அடைத்து ஒரு பாலம் போட்டுவிடும். தகடு அதிரும்போது பம்பரும் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வு அடங்குவதற்குள் சென்சார் கேட்கத் தொடங்கிவிடும், கேட்பதைப் பக்கத்தில் ஏதோ இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

விரல் நகத்தால் வட்டத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பள்ளம் தொடர்ச்சியாகத் தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் வழவழவென்று போனால் அங்கேதான் பெயிண்ட் பாலம். பிளேடால் வெளியிலிருந்து கீறாதீர்கள், வளையம் கிழிந்துவிடும். சென்சாரை உட்பக்கத்திலிருந்து விடுவித்து வெளியே எடுத்து, வளையத்தை மாற்றி, பம்பர் ஓட்டையின் விளிம்பைச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். வளையம் சின்ன ரப்பர் துண்டு மாதிரிதான் இருக்கும், பெயிண்ட் அடிக்கும் இடத்தில் அது தொலைந்துபோவதும் சகஜம். வளையமே இல்லாமல் மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

ஓட்டையைச் சுற்றிப் பட்டி தடிமனாக இருந்தாலும் கத்தும். சென்சார் முகம் பம்பர் பரப்போடு சமமாக இருக்க வேண்டும். பட்டியால் பரப்பு உயர்ந்து, சென்சார் சின்னக் குழிக்குள் இருப்பது மாதிரி ஆகிவிட்டால், ஒலி அந்தக் குழியின் விளிம்பிலேயே பட்டுத் திரும்பும்.

ஸ்கேன் டூல் இருந்தால் நேரடித் தகவலில் நான்கு சென்சார்களின் தூரத்தையும் பாருங்கள். சில வண்டிகளில் அதிர்வு அடங்கும் நேரமும் காட்டும். அந்த நேரம் மூன்றில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்து ஒன்றில் மட்டும் தனியாக நீண்டிருந்தால், கழற்ற வேண்டியது எது என்று தெரிந்துபோகும்.

### சில தரையில் மட்டும் கத்தினால்

வழவழப்பான தரையில் அமைதி, ஜல்லி போட்ட இடத்தில் கத்தல் என்றால் சென்சார் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வழவழப்பான தரையில் சாய்வாகப் பட்ட ஒலி எதிர்ப்பக்கமாகத் தெறித்துப் போய்விடும், சென்சாருக்குத் திரும்பாது. ஜல்லியிலும் புல்லிலும் பட்ட ஒலி எல்லாத் திசையிலும் சிதறும். அதில் ஒரு பங்கு திரும்பி வரும்.

இதற்கு எளிய காரணம் பம்பரின் கீழ் விளிம்பு சரியாகக் கிளிப்பில் உட்காராமல் தொங்குவது. இரண்டு பக்கமும் பம்பருக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது டிக்கியில் அதிகப் பாரம், அல்லது பின் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி பின்னால் தாழ்ந்திருப்பது. இவை இரண்டும் இல்லையென்றால் பிராக்கெட்.

பிராக்கெட் விஷயத்தை ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது புரியவே இரண்டு நாள் ஆனது. பின் பம்பர் புதிதாக மாற்றிய ஒரு ஹேட்ச்பேக். மாற்றிய இடத்தில் இரண்டு தடவை "கேலிபரேஷன்" செய்து, ஒரு சென்சாரையும் மாற்றியிருந்தார்கள். ஷெட்டுக்குள் ரிவர்ஸ் போட்டால் சத்தமே இல்லை. வெளியே ஜல்லி மேல் நிறுத்தினால், பின்னால் வெட்டவெளியாக இருந்தும் திரையின் வலது நடுப்பகுதி சிவந்து, நேரடித் தகவலில் 60 செ.மீ. சுற்றி ஒரு எண் ஆடிக்கொண்டே இருந்தது. பிழைக் குறியீடு ஏதும் இல்லை. விரல் வைத்தால் நான்கும் துடித்தன.

குழாயை ஷெட்டுக்குள் நிறுத்திப் பம்பருக்கு இணையாக நகர்த்திப் பார்த்தேன். இடது பாதியில் எங்கே வைத்தாலும் பிடித்தது. வலது பாதியில், நடு சென்சாருக்கும் மூலை சென்சாருக்கும் இடையே ஒரு சாண் அகலத்துக்குக் குழாய் காணாமல் போனது. ஒரே சென்சார் தேவையில்லாத தரையைப் பார்க்கிறது, தேவையான பக்கவாட்டைப் பார்க்க மறுக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான் பொறி தட்டியது.

பார்க்கிங் சென்சாரின் பார்வை வட்டமானது இல்லை. பக்கவாட்டில் அகலம், மேலும் கீழும் குறுகல், படுத்திருக்கும் முட்டை மாதிரி. பக்கவாட்டில் நடுக்கோட்டிலிருந்து சுமார் 60 பாகை வரையும், கீழ்நோக்கி அதில் பாதியளவும் பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பார்வையின் கீழ் ஓரம் 30 பாகை சாய்ந்தால் தரையைத் தொடும் தூரம் 1 மீட்டர், அந்த ஓரத்தில் ஒலியும் வலுவிழந்திருக்கும். அதையே 90 பாகை திருப்பி மாட்டினால் அகலமான பக்கம் மேலும் கீழுமாக வந்துவிடும். 60 பாகையில் தரை 58 செ.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. திரையில் ஆடிய எண் அதுதான்.

பம்பரைக் கழற்றினேன். மூன்று சென்சார்களின் கனெக்டர் வாய் ஒரே பக்கம் பார்த்திருந்தது, வலது நடுவில் இருந்தது மட்டும் கீழே பார்த்தது. புதுப் பம்பரில் பிராக்கெட்டைத் தனியாக ஒட்டும்போது அதைக் கால் சுற்றுத் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். சென்சார் அந்தப் பிராக்கெட்டில் ஒரே விதமாகத்தான் நுழையும் என்பதால், எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் அதே கோணம்தான். பிராக்கெட்டைப் பெயர்த்து, பசை எச்சத்தைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பிராக்கெட்டைச் சரியான பக்கம் பார்க்க ஒட்டி, பசை முழுவதும் இறுகும்வரை விட்டுவைத்தேன். ஜல்லி மேலும் அமைதி, குழாய் எங்கே வைத்தாலும் பிடிபட்டது. ஸ்கேன் டூலைத் தொடவே இல்லை.

உங்கள் வண்டியில் ஓரச் சென்சாரும் நடுச் சென்சாரும் வேறு வேறு பக்கம் பார்க்கும்படி வடிவமைத்திருக்கலாம். அதனால் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடாதீர்கள், எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

### மழையிலும் கழுவிய பிறகும் மட்டும் கத்தினால்

முகத்தில் நிற்கும் துளி, சேறு. துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாமல், காய்ந்த பிறகு மட்டும் சரியானால் கனெக்டருக்குள் தண்ணீர் போகிறது. பெரிய லாரியின் ஏர் பிரேக் பக்கத்தில் சீறும்போது ஒரு கணம் கத்தினால் அது குறையே இல்லை, அந்தச் சீறலிலும் சென்சாருக்குக் கேட்கும் ஒலி இருக்கிறது.

## அறிகுறி 3: பொருள் இருக்கிறது, சத்தம் வரவில்லை அல்லது தாமதமாக வருகிறது

குறை என்று முடிவு கட்டுவதற்கு முன் எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று யோசியுங்கள். மெல்லிய கம்பி, கம்பி வலை, பஞ்சு மெத்தை, கனத்த துணி, சாய்வான வழவழப்புப் பலகை ஆகியவற்றை நல்ல சென்சாரும் தவறவிடும். பம்பரைவிடத் தாழ்ந்த திட்டு, நெருங்கும்போது சென்சாரின் பார்வைக்குக் கீழே நழுவிவிடும். முதலில் பீப் வந்து, கிட்டே போனதும் நின்றால் காரணம் இதுதான். அதனால்தான் குழாயை வைத்துச் சோதிக்கச் சொல்கிறேன்.

குழாயையும் தவறவிட்டால் அடுத்த சந்தேகம் பெயிண்ட். சென்சார் முகத்தில் தொழிற்சாலை அடிக்கும் பூச்சு மிக மெல்லியது. பழைய பெயிண்டின் மேலேயே பிரைமர், கலர், கிளியர் என்று இன்னொரு முழு அடுக்கு ஏறினால் தகடு கனத்து, அதன் அதிர்வு மந்தமாகிவிடும். 2 மீட்டரில் பிடிக்க வேண்டிய பொருளை முக்கால் மீட்டர் வரும்வரை பிடிக்காது. பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் நான்கையும் அளந்து ஒப்பிடுங்கள். அந்த வண்டியின் பழுது நூலில் அனுமதித்த தடிமன் போட்டிருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

கனத்த பெயிண்டை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவோ தின்னரில் ஊறவைக்கவோ வேண்டாம். தகடு கீறினாலும், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் இளகினாலும் சென்சார் முடிந்தது. நிறம் அடிக்காத புதுச் சென்சார் வாங்கி, வளையத்தைக் கழற்றி வைத்து, முகத்துக்கு மட்டும் மெல்லிசாக அடித்து, காய்ந்த பிறகு வளையம் போட்டு மாட்டுவதுதான் வழி.

இடதுபக்கம் குழாய் வைத்தால் திரையில் வலதுபக்கம் காட்டுகிறது என்றால் கனெக்டர்கள் இடம் மாறியிருக்கின்றன. நிமிட வேலை. ஆனால் அப்படியே ஓட்டுவது ஆபத்து, தப்பான பக்கம் ஒடிப்பீர்கள்.

பெயிண்ட் பற்றிப் பேசும்போதே ரேடாரையும் சொல்லிவிட வேண்டும். பிளைண்ட் ஸ்பாட் விளக்கும், பின்னால் குறுக்கே வரும் வண்டியைச் சொல்லும் எச்சரிக்கையும் பம்பர் மூலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ரேடாரிலிருந்து வருபவை. அது பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கிறது. அதற்கு நேரே பட்டி, ஒட்டுத் துண்டு, தடிமனான மெட்டாலிக் பெயிண்ட், ஸ்டிக்கர் எதுவும் இருக்கக் கூடாது. ரேடாரின் தாங்கி வளைந்திருந்தாலோ, ரேடாரைக் கழற்றி மாட்டியிருந்தாலோ கேலிபரேஷன் கட்டாயம். அதை வீட்டில் செய்ய முடியாது. குறிபலகையும் அளந்த இடமும் அந்த வண்டிக்கான மென்பொருளும் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

## அறிகுறி 4: 360 கேமரா படத்தில் கோடுகள் ஒட்டாமல் உடைந்து தெரிகின்றன

முன் பம்பரைக் கழற்றும்போது முன் கேமராவும் பெரும்பாலும் கூடவே வரும், அது கிரில்லிலோ பம்பரிலோதான் இருக்கும். பக்கக் கேமராக்கள் கண்ணாடிகளுக்கு அடியிலும் பின் கேமரா டிக்கிக் கதவிலும் இருக்கும். நான்கு அகலக்கோணப் படங்களையும் தரை சமதளம் என்று வைத்துக்கொண்டு தட்டையாக விரித்து, ஓரங்களை ஒட்டித்தான் மேலிருந்து பார்ப்பது மாதிரியான படத்தை வண்டி உருவாக்குகிறது. ஆகவே நிற்கும் மனிதரும் தூணும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நீண்டு தெரிவது குறை இல்லை. தரையில் வரைந்த கோடு உடைந்தால்தான் குறை.

நேரான வெள்ளைக் கோடு உள்ள சமதளத்தில், கோடு முதலில் வண்டியின் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் ஓடும்படி நிறுத்திப் பாருங்கள். முன் மூலைகள் இரண்டிலும் கோடு உடைந்து, பின் மூலைகளில் ஒட்டியிருந்தால் குறை முன் கேமராவில். இடது முன், இடது பின் மூலைகளில் உடைந்தால் இடது கண்ணாடிக் கேமரா.

சரிபார்க்கும் வரிசை: கண்ணாடிகள் முழுவதும் விரிந்திருக்கின்றனவா, கதவுகள் மூடியிருக்கின்றனவா. லென்ஸில் பாலிஷ் எச்சமோ பாதுகாப்புப் படலமோ ஒட்டியிருக்கிறதா. டயர் காற்று, டிக்கிப் பாரம். அப்புறம் கேமராவை விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது. கிளிப் உடைந்து பசையால் ஒட்டியிருந்தால், கேலிபரேஷன் செய்தாலும் நாலு குழியில் இறங்கியதும் மறுபடி மாறிவிடும்.

ஒரு பாகை என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். முன் கேமரா 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 3 மீட்டர் தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டை அது கிடைமட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 11 பாகையில் பார்க்கிறது. கேமரா ஒரே ஒரு பாகை கீழே குனிந்தால் அந்தக் கோடு 3 மீட்டருக்குப் பதில் 3.3 மீட்டரில் இருப்பதாகக் கணக்காகும், 30 செ.மீ. தவறு. பக்கவாட்டில் ஒரு பாகை பிசகினால் 5 செ.மீ.தான். அதனால் கேமரா முகம் குனிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொருத்தம் உறுதி என்று தெரிந்த பிறகுதான் கேலிபரேஷன். சில வண்டிகளுக்குச் சுற்றிலும் கட்டம் போட்ட விரிப்புகளை அளந்து விரித்து, ஸ்கேன் டூல் வழியாக நின்ற இடத்திலேயே செய்ய வேண்டும். சில வண்டிகள் தெளிவான கோடுள்ள சாலையில் மெதுவாக, நேராக ஓட்டினால் தானாகவே கற்றுக்கொள்ளும். எதுவானாலும் டயர் காற்று அளவோடு இருக்க வேண்டும், வண்டி காலியாக இருக்க வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும். விரிப்பு முறையில் ஸ்டீயரிங்கையும் நேராக வைத்திருக்க வேண்டும். சரிவான வாசலில் விரிப்பைப் போட்டுச் செய்த கேலிபரேஷன் "வெற்றி" என்று காட்டினாலும் கோடு உடைந்தேதான் இருக்கும். செய்து முடித்ததும் வெள்ளைக் கோட்டில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சாவியை வாங்கினால் போதும்.

ஒரு கேமரா முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது கேலிபரேஷன் குறையே இல்லை, கனெக்டரோ கேபிளோ கேமராவோதான். அந்தக் கேபிளை நடுவில் வெட்டி முறுக்கி ஒட்டாதீர்கள். சாதாரண வயர் மாதிரி இருக்கும், ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தில் படம் விட்டுவிட்டு வரும். முழுக் கேபிளையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி 5: ஆட்டோ பார்க்கிங் இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை, அல்லது கோணலாக நிறுத்துகிறது

மற்ற எல்லாம் சரியான பிறகுதான் இங்கே வர வேண்டும். சென்சாரோ கேமராவோ பிழை காட்டிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலான வண்டிகள் ஆட்டோ பார்க்கிங்கைத் தொடங்கவே விடாது.

பம்பரின் பக்கவாட்டு மூலைகளில் இருக்கும் சென்சார்கள்தான் நிறுத்திய வண்டிகளைக் கடந்துபோகும்போது காலி இடத்தை அளக்கின்றன. எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பதைச் சக்கர வேக சென்சார்கள் சொல்கின்றன. இடத்தைக் கண்டுபிடிக்கவே இல்லையென்றால் முதலில் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்: நிறுத்திய வண்டிகளிலிருந்து சுமார் 1 மீட்டர் தள்ளி, மணிக்கு 20 கி.மீ. மாதிரி மெதுவாக, இணையாகப் போக வேண்டும். சரியான பக்கத்து இண்டிகேட்டரும் போட்டிருக்க வேண்டும். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் பக்கச் சென்சாரின் பாக எண். பக்கச் சென்சார் பின் பம்பரின் நடுச் சென்சாரைவிடத் தூரமாகப் பார்க்கக்கூடியது, அதன் இடத்தில் சாதாரணச் சென்சாரைப் போட்டுவிடுவது பம்பர் வேலையில் நடக்கும் தவறு.

இடத்தைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் தப்பாக நிறுத்துகிறது என்றால் இடதுபக்கமும் வலதுபக்கமும் தனித்தனியாக மூன்று தடவை செய்து பாருங்கள். நிஜ வண்டிகள் வேண்டாம், பெரிய அட்டைப் பெட்டிகளை அடுக்கி வையுங்கள். உங்கள் கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் மிஞ்சிய இடைவெளியை அளந்து எழுதுங்கள்.

ஒரு பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்றால், அந்தப் பக்கச் சென்சார் கோணம் மாறியிருக்கிறது. 5 பாகை பிசகினால் 1 மீட்டர் தூரத்தில் 9 செ.மீ. நகர்ந்துவிடும். இடத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே அளவு நகர்வதால் நீளம் சரியாகவே வரும், அதனால்தான் வண்டி குழப்பமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டு தப்பான இடத்தில் நிறுத்துகிறது. பம்பர் மூலையும் பிராக்கெட்டும் பார்க்க வேண்டிய இடங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பினால் பம்பரை விட்டுவிடுங்கள். டயர் அளவு மாறியிருக்கிறதா பாருங்கள். சுற்றளவு 3 சதவீதம் குறைந்த டயரில் 5.8 மீட்டர் இடம் ஏறக்குறைய 6 மீட்டராகத் தெரியும், போதாத இடத்துக்குள் வண்டி நுழையப் பார்க்கும். பெரிய டயரென்றால் நேர் எதிர், போதுமான இடத்தையும் வேண்டாம் என்று கடந்துபோகும். டயர் சரியென்றால் ஸ்டீயரிங் கோண சென்சார். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கை இடது முனைக்கும் வலது முனைக்கும் ஒரு தடவை முழுவதும் ஒடித்து நேராக்கினால் அது தன் நடுவைக் கண்டுகொள்ளும். நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்றால் முதலில் வீல் அலைன்மென்ட், அதற்கப்புறம் அந்தச் சென்சாரை ஸ்கேன் டூலில் பூஜ்யமாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கோணலையே நேர் என்று பதிவு செய்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அளந்த எண்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தால், அந்தத் தாளோடு வண்டியை ஸ்கேன் டூல் உள்ளவரிடம் கொடுங்கள். எந்தப் பக்கம், எத்தனை தடவை, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிய தாள் கையில் இருந்தால் அவர் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.